ரவிக்கைக் கரையில் சமிக்கியை மணியால் நிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கல்யாணங்களுக்கும் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கையோரத்திலும் கழுத்தோரத்திலும் சமிக்கி வைத்துத் தைக்கும்போது, ஒவ்வொரு சமிக்கியின் மேலும் ஒரு சிறு பாசிமணி வைத்து நிறுத்துகிறோம். அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தையல் கற்க வரும் தங்கைகளும் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

சமிக்கியை நூலாலேயே இழுத்துத் தைத்துவிட்டால் போதாதா? மணி எதற்கு?

சமிக்கியின் நடுத்துளையிலிருந்து ஓரத்துக்கு நூலை இழுத்துத் தைத்தால், நூல் சமிக்கியின் முகத்தின் மேலே கிடக்கும். புடவைத் தலைப்பும் வளையலும் பையின் வாரும் அந்த நூலின் மேல்தான் உராயும். போதாததற்கு, சமிக்கியின் ஓரம் மெல்லிய தகடு போன்றது. நூல் அதன் மேல் மடங்கி இறங்கும் இடத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். மணி வைத்துத் தைக்கும்போது நூல் துளைக்குள்ளேயே ஏறித் துளைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. வெளியே தெரிவது மணி மட்டுமே; உராய்வை அந்தக் கண்ணாடிமணி வாங்கிக்கொள்ளும். மணி துளையை விடப் பெரியதாக இருப்பதால், சட்டைப் பொத்தான் போலச் சமிக்கியைத் துணியோடு பிடித்து நிற்கும்.

மாண்டலேயில் செய்கிற ஷ்வே ச்சி தோ என்னும் தங்கநூல் வேலையில் சமிக்கி நிறைந்த திரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் சுவரில் தொங்குபவை. வேர்வையும் உராய்வும் அவற்றுக்கு இல்லை. உடம்பில் அணியும் ரவிக்கையின் கதை வேறு என்பதால், சுவரில் அழகாக நிற்கும் தையலை அப்படியே கையோரத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து.

எந்த அளவு சமிக்கிக்கு எந்த அளவு மணி வாங்க வேண்டும்?

5 மில்லிமீட்டர் சமிக்கியின் நடுத்துளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கு 11ஆம் எண் பாசிமணி பொருத்தம். அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலமுள்ளது. மணியில் எண் கூடக்கூட அளவு குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் எண் மணி ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்தான், 3 மில்லிமீட்டர் சமிக்கிக்கு அது அழகாக இருக்கும். ஆனால் துளை அகலமாக வெட்டப்பட்ட சமிக்கியில் அதே மணி பாதி உள்ளே இறங்கி, ஒரு நாள் முழுதாகத் துளைக்குள் புகுந்துவிடும்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு சமிக்கியை உள்ளங்கையில் வைத்து, அதன் துளையின் மேல் ஒரு மணியை வைத்து, விரல்நுனியால் அழுத்திப் பாருங்கள். மணி துளையின் மேலேயே உட்கார்ந்திருந்தால் சரி; சிக்கிக்கொண்டாலோ சாய்ந்து இறங்கினாலோ அந்த மணி வேண்டாம். எடைபோட்டு விற்கும் மணியில் பெரிதும் சிறிதும் கலந்தே வரும். ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, சிறுத்தவற்றையும் துளை அடைத்தவற்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. ஓரம் வெட்டிய பளபளக்கும் மணிகளையும் குழல்மணிகளையும் நான் கையோரத்துக்கு எடுப்பதில்லை. அவற்றின் துளைவாய் கூர்மையாக இருப்பதால் நூலை அவையே அறுத்துவிடும். உருண்டையான வழவழப்பான பாசிமணியே இந்த வேலைக்கு ஏற்றது.

எந்த நூல்? எந்த ஊசி?

முறுக்கு நன்றாக உள்ள மெல்லிய பாலியஸ்டர் நூல், அல்லது மணி கோக்கும் நைலான் நூல். பருத்தி நூலும் பட்டு நூலும் வேர்வையில் நாளடைவில் வலுவிழக்கின்றன. அக்குள் அருகே அது சீக்கிரமே தெரியும். நூலை இரட்டையாகப் போட்டு, தேன்மெழுகின் மேல் ஒரு முறை இழுத்து, விரலுக்கிடையில் வைத்து உருவிவிடுங்கள். மெழுகு இரண்டு இழையையும் ஒன்றாக ஒட்டவைக்கும். பின்பக்க முடிச்சு நழுவாமலும் பிடித்துக்கொள்ளும்.

ஊசி விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. மணியின் துளைக்குள் நூல் ஒரு முறைதான் போகிறது. இரட்டை நூலானால் அங்கே 2 இழை. சமிக்கியின் துளைக்குள்ளோ நூல் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்; ஆகவே அங்கே 4 இழை. அதோடு ஊசியின் காதும் அந்தத் துளைகளைத் தாண்ட வேண்டும். மணி கோக்கும் நீள ஊசியோ, 10ஆம் எண் மெல்லிய கையூசியோ இதற்குப் போதும். ஊசியை மணிக்குள் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். மணி விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அணிந்த அன்று உடைந்து உதிரும்.

தையலைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

துணியைச் சட்டத்தில் இறுக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய துணியானால் அடியில் ஒரு பருத்தித் துணியை வைத்துச் சேர்த்து இறுக்க வேண்டும். நூலின் முனையில் முடிச்சுப் போட்டுக் கீழிருந்து இழுத்து அப்படியே தொடங்கிவிடாமல், பின்பக்கத்தில் ஒரே இடத்தில் 2 சிறு தையல் போட்டு நிலைநிறுத்திய பிறகு தொடங்குங்கள். வெறும் முடிச்சு மட்டும் இருந்தால், நெசவு கொஞ்சம் தளர்ந்த துணியில் அது இழைகளுக்கு நடுவே நழுவி மேலே வந்துவிடும்.

இனி ஊசியைப் பின்னிருந்து மேலே கொண்டுவாருங்கள். சமிக்கியைக் கோத்துத் துணிவரை இறக்குங்கள். அதன் மேல் ஒரு மணியைக் கோத்து, அதையும் இறக்குங்கள். பிறகு மணியை விட்டுவிட்டு, சமிக்கியின் அதே துளை வழியாக மட்டும் ஊசியைக் கீழே இறக்குங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஊசி மேலே வந்த அதே நெசவுக் கண்ணிலேயே திரும்ப இறங்கினால், நூல் துணியின் ஒரு இழையைக்கூடப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது மணியையும் சமிக்கியையும் சேர்த்து இழுத்தால் நூல் துளை வழியாக முழுதாக மேலே வரும். ஆகவே சமிக்கியின் துளைக்குள் ஊசியை நுழைத்ததும், நூல் ஏறிய இடத்திலிருந்து ஓரிரு நெசவிழை தள்ளி, அரை மில்லிமீட்டர் அளவு விலகிக் குத்துங்கள். துளை 1 மில்லிமீட்டர் இருப்பதால் அதற்கு இடம் போதும்.

நூலை மெதுவாக இழுத்து, மணி துளையின் மேல் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். துணி சுருங்கினாலோ, சமிக்கி நடுவில் குழிந்து வளைந்தாலோ இழுப்பு அதிகம். விரல்நுனியால் சமிக்கியைத் தொட்டால் லேசாகச் சுழல வேண்டும். ஆனால் ஓரத்தைத் தூக்கினால் புரளக் கூடாது. அந்த இழுப்பு உங்கள் கைக்குப் பழகும்வரை ஒரு கிழிசல் துணியில் 10 சமிக்கி தைத்துப் பாருங்கள்.

கடைசிப் படி பின்பக்கத்தில் நடக்கிறது. மணிக்கு நேர் கீழே துணியின் 2 அல்லது 3 இழையை ஊசியால் எடுத்து, நூலை முழுதாக இழுக்காமல் ஒரு சிறு கண்ணி விட்டு, அந்தக் கண்ணிக்குள் ஊசியை 2 முறை செலுத்தி இறுக்குங்கள். இந்த முடிச்சு ஒவ்வொரு சமிக்கிக்கும் வேண்டும்.

ஒவ்வொரு சமிக்கிக்கும் முடிச்சா? நேரம் ஆகுமே. மணிதான் பிடித்துக்கொள்கிறதே?

சமிக்கியை மணி பிடிக்கிறது. மணியைப் பிடிப்பது பின்பக்க முடிச்சு. முடிச்சு இல்லாத வரிசை ஒரே நூலில் கோத்த மாலை போன்றது. ஓரிடத்தில் அறுந்தால் இரு பக்கமும் கழன்று வரும்.

இதை நான் என் கையாலேயே கற்றேன். என் தங்கை மகளின் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையில், நேரம் போதாமல், கையோரம் முழுவதையும் நீள நூலில் ஓட்டித் தைத்து, 10, 12 சமிக்கிக்கு ஒரு முடிச்சு என்று விட்டேன். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது அவளுடைய வளையலின் கொக்கி ஒரு மணியில் மாட்டிக்கொண்டது. அவள் கையை எடுத்த வேகத்தில் நூல் அறுந்தது. முதலில் ஒன்று மட்டும்தான் விழுந்தது. பரிமாற எழுந்து கையை மடக்கி நீட்டியபோது மற்றவை ஒவ்வொன்றாக வாழையிலை ஓரத்திலும் பாய் மேலும் விழுந்தன. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது 11 போயிருந்தன. ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தால், அறுந்த இடத்தின் இரு பக்கமும் அடுத்த முடிச்சு எங்கே இருந்ததோ அங்கேதான் உதிர்வது நின்றிருந்தது. ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டிருந்தால் ஒன்றே ஒன்று போயிருக்கும். அன்றிலிருந்து முடிச்சை நான் குறைப்பதில்லை. ஒரு முடிச்சுக்கு ஆவது சில நொடிதான். ரவிக்கையைப் பிரித்துத் திருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

ஒரு கையோரத்துக்கு எத்தனை சமிக்கி, எவ்வளவு நூல் வேண்டும்? கணக்கோடு சொல்லுங்கள்.

கையோரச் சுற்றளவு 32 செண்டிமீட்டர் உள்ள ஒரு ரவிக்கையை எடுத்துக்கொள்வோம். கையின் உட்பக்கம், அதாவது உடம்போடு உரசும் 6 செண்டிமீட்டரை வெறுமையாக விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் கை ஒவ்வொரு முறை அசையும்போதும் சமிக்கி ரவிக்கையின் பக்கத்துணியில் தேய்கிறது. மணியும் அங்கே உதவாது. வெளியே தெரியாத இடமும் அதுதான். மீதி 26 செண்டிமீட்டர்.

5 மில்லிமீட்டர் சமிக்கிகளை நடுவுக்கு நடு 8 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால், 32 இடைவெளிக்கு 25.6 செண்டிமீட்டர் ஆகும். ஆகவே ஒரு கைக்கு 33 சமிக்கி, 33 மணி. இரண்டு கைக்கும் 66. உடைந்தது, துளை சாய்ந்தது என்று போகும் என்பதால் 80 வாங்கினால் நிம்மதி. மிச்சத்தைச் சிறு காகிதத்தில் மடித்து ரவிக்கையோடு கொடுத்துவிடுங்கள். பின்னால் அதே நிறமும் அதே அளவும் கிடைப்பது அரிது.

நூலுக்கு வருவோம். ஏறி இறங்குவதற்கும், முடிச்சுக்கும், அடுத்த இடத்துக்குப் போவதற்கும் சேர்த்து ஒரு சமிக்கிக்கு 3 செண்டிமீட்டர் இரட்டை நூல் செலவாகும். ஊசியில் 40 செண்டிமீட்டர் இரட்டையாக இருக்கும்படி கோத்தால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போக 8 முதல் 10 சமிக்கி வரை வரும். அதற்கு மேல் நீளமான நூல் வேண்டாம். நீள நூல் மணித்துளையிலும் சமிக்கித் துளையிலும் பலமுறை தேய்ந்து, கடைசிச் சமிக்கிகளுக்கு வரும்போதே பஞ்சு பறந்து மெலிந்திருக்கும்.

இடைவெளி 1 செண்டிமீட்டருக்கு மேல் போகும் வடிவமானால், பின்பக்கத்தில் நூலைத் தாண்டவிடாமல் முடித்து வெட்டி, அடுத்த இடத்தில் புதிதாகத் தொடங்குங்கள். பின்னால் நீளமாகக் கிடக்கும் நூல், ரவிக்கையில் கை நுழைக்கும்போது விரலிலும் மோதிரத்திலும் மாட்டும்.

ரவிக்கையைத் தைத்து முடித்த பிறகு கரைவேலை செய்யலாமா?

வெட்டிய துண்டாக இருக்கும்போது செய்வதே மேல். அப்போது கரையை மடிக்கும் கோட்டிலிருந்து கொஞ்சம் விலக்கி, பக்கத் தையல் வரும் இடத்தில் இரு புறமும் ஒன்றரை செண்டிமீட்டர் விட்டு வைத்துக்கொள்ளலாம். தையல் இயந்திரத்தின் பாதம் சமிக்கியின் மேல் ஏறினால் ஊசி முறியும். அல்லது ஊசி மணிநூலைக் குத்திப் பாதி அறுத்துவிடும். பாதி அறுந்தது அன்றைக்குத் தெரியாது. மேல்துணியில் வேலையை முடித்த பிறகு லைனிங்கை வைத்து மூடினால், முடிச்சுகள் இரண்டு துணிக்கும் நடுவில் போய்விடும். உடம்பிலும் உறுத்தாது, உராய்வும் இல்லை.

தைத்து முடித்த ரவிக்கைதான் கையில் இருக்கிறது என்றால், கையோர மடிப்பைக் கொஞ்சம் பிரித்து மேல்துணியில் மட்டும் தையுங்கள். லைனிங்கோடு சேர்த்துக் குத்தினால், லைனிங் இழுபடும்போதெல்லாம் மணிநூலும் சேர்ந்து இழுபடும். பிரிக்கவே முடியாத ரவிக்கையானால், ஊசியை மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஓட்டி, முடிச்சை மேல்துணியின் அடியிலேயே போட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும். மின்சாரம் போய் வரும் எங்கள் ஊரில் இதைப் பகலில் ஜன்னலோரம் மட்டுமே செய்கிறேன்.

குழிந்த சமிக்கியின் குழி மேலே இருக்க வேண்டுமா, கீழேயா?

குழி மேலே இருந்தால் மணி கிண்ணத்தில் வைத்தது போல நடுவில் உட்காரும், மினுக்கமும் கூடும். ஆனால் ஓரம் துணியிலிருந்து எழும்பி நிற்பதால், ஷிஃபான் புடவைத் தலைப்பு அதில் மாட்டும். கையோரத்துக்குக் குழி மேலே இருக்கட்டும். தலைப்பு விழும் இடது தோளின் கழுத்தோரத்துக்குத் தட்டையான சமிக்கியையே எடுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லாம் உறுதியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் நேர் கீழே ஒரு முடிச்சு தெரிய வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். பிறகு முன்பக்கத்தில் ஒவ்வொரு சமிக்கியின் ஓரத்தின் கீழும் நகத்தை நுழைத்து லேசாகத் தூக்குங்கள். மணிக்கும் சமிக்கிக்கும் நடுவே நூல் தெரிந்தால் அது தளர்ந்த தையல். இன்று விழாது, ஆனால் சமிக்கி ஆடி ஆடித் துளையின் வெட்டு விளிம்பால் நூலை அறுக்கும். அதை மட்டும் பிரித்துத் திரும்பத் தையுங்கள். சமிக்கியைத் தூக்கும்போது துணியும் சேர்ந்து கூடாரம் போல எழுந்தால் தையல் துணியைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். துணி எழாமல் நூல் மட்டும் நீண்டால், ஏறிய கண்ணிலேயே ஊசி இறங்கியிருக்கிறது.

கடைசியாக, ஒரு வெள்ளைத் துணியின் மேல் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, கரையைக் கசக்கிப் பலமாக உதறுங்கள். விழுவது இப்போதே விழட்டும்.

முடிச்சின் மேல் பசையோ நகப்பூச்சோ வைக்கலாமா?

நான் வைப்பதில்லை. நகப்பூச்சு மெல்லிய துணியில் ஊறி முன்பக்கம் கறையாகத் தெரியும், சில செயற்கைப் பட்டுத் துணிகளைக் கெடுத்தும் விடும். காய்ந்த பிறகு முள் போல உறுத்தும். கண்ணிக்குள் 2 முறை செலுத்திப் போட்ட மெழுகு முடிச்சுக்குப் பசை தேவையில்லை.

துவைப்பதும் இஸ்திரி போடுவதும் எப்படி?

ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டாம். அணிந்து கழற்றியதும் உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயவிட்டு, அக்குள் பகுதியை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். துவைத்தே ஆக வேண்டுமென்றால் உட்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில், கரையைப் பிழியாமல் அலசி எடுங்கள். இப்போதைய சமிக்கிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். சூடான இஸ்திரியோ நீராவியோ பட்டால் அவை சுருண்டு, துளை இழுபட்டு அகலமாகிவிடும். துளை அகன்றால் மணி உள்ளே புகுந்துவிடும் என்பதால், சமிக்கி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். தடித்த துண்டின் மேல் கரையைக் குப்புற வைத்து, பின்பக்கத்தில் மிகக் குறைந்த சூட்டில், அதுவும் கரையை விட்டுவிட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பு. உலர் சலவைக்குக் கொடுக்காதீர்கள். அதில் பயன்படும் கரைப்பான் சமிக்கியின் பூச்சைக் கழற்றிவிடக்கூடும்.

எங்கள் ஊரில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழையும் ஈரமும் விடாது. தீபாவளி ரவிக்கைகளை அந்த ஈரத்தில்தான் தைக்கிறோம். வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போனால், மறுநாள் அந்த இடத்தில் துருப்புள்ளி இருக்கும். ஊசியை எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். தைத்த ரவிக்கையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், பழைய பருத்தி வேட்டித் துணியில், கரை மடங்காதபடி சுருட்டி வையுங்கள்.

ஒன்று விழுந்துவிட்டது. பக்கத்தில் உள்ளவை விழாமல் அதை மட்டும் எப்படிச் சரிசெய்வது?

முதலில் முன்பக்கத்தில் தொங்கும் நூலை வெட்டாதீர்கள். அதை ஊசியால் பின்பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முடிச்சு இருந்தால், அறுந்த முனையைப் பக்கத்து முடிச்சின் அடியில் 2 முறை நுழைத்து வெட்டிவிட்டு, காலியான இடத்தில் புது நூலால் ஒரு சமிக்கியும் மணியும் வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது. முடிச்சில்லாத பழைய ரவிக்கையானால் இரு பக்கமும் 2 சமிக்கிகளைப் பிரித்து எடுங்கள். அப்போதுதான் அறுந்த நூலின் இரண்டு முனையும் பின்பக்கத்தில் சிறு தையல் போட்டுக் கட்டும் அளவுக்கு நீளமாகக் கிடைக்கும். கட்டிய பிறகு காலியான 5 இடத்தையும் புது நூலால், ஒவ்வொன்றுக்கும் முடிச்சோடு நிரப்புங்கள். கரையின் மீதிப் பகுதியிலும் பின்பக்கமாக, மேலே எதையும் தொடாமல், ஒவ்வொரு மணியின் அடியிலும் பழைய நூலையும் துணியின் 2 இழையையும் சேர்த்துப் பிடித்து ஒரு கண்ணி முடிச்சுப் போட்டுக்கொண்டே போகலாம். என் தங்கை மகளின் ரவிக்கையை அப்படித்தான் சரிசெய்தேன். அதற்குப் பிறகு அவள் 3 தீபாவளிக்கு அதை அணிந்துவிட்டாள், காகிதத்தில் மடித்துக் கொடுத்த மிச்சச் சமிக்கிகள் இன்னும் பிரிக்கப்படாமல் அவளுடைய பீரோவில் இருக்கின்றன.